இரண்டே காலுக்கு வந்த அழைப்பு

செவ்வந்தியின் வீட்டுக்கு மூன்று பக்கமும் வயல். திருவிடைமருதூரிலிருந்து டவுன் பஸ்ஸில் பதினைந்து நிமிடம், அப்புறம் வாய்க்கால் கரையோடு நடை. காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் வந்து பூட்டைத் திறக்கும்போது தெருவில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். குளித்து, இரண்டு இட்லி தின்று, ஜன்னலுக்குப் பழைய சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டுப் பத்தரைக்குப் படுப்பாள். மறுபடியும் நாலு மணிக்கு எழுந்தால்தான் ஆறரை பஸ்ஸைப் பிடித்துக் கும்பகோணத்துக்கு இரவு டூட்டிக்குப் போக முடியும்.

பிரசவ வார்டில் நர்ஸ். வயது நாற்பத்திரண்டு. அவள் தெருவில் முதன்முதலாக வெள்ளை உடுப்புப் போட்டவள் அவள்தான். அப்பா வைரக்கண்ணு நடவுக்கும் அறுப்புக்கும் போய்ச் சேர்த்த கூலியில் அவளை விடுதியில் தங்க வைத்து நர்சிங் படிக்க வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் எத்தனை பிள்ளை விழுந்தது என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. கடைத்தெருவில் மீசை முளைத்த பையன்கள் வண்டியை நிறுத்தி, “சிஸ்டர், என்னைத் தெரியுதா? நீங்கதான் என்னை எடுத்தீங்களாம்” என்பார்கள். அவளுக்குத் தெரியாது. தெரியும் என்றே சொல்வாள்.

கணவன் அறிவுச்செல்வன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு முன் தை மாதத்தில், மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலில், மெஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அப்போது மணி பன்னிரண்டு. செவ்வந்தி இரவு டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கண்டவர்கள் கூப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்ததால் போனை அணைத்து வைத்திருந்தாள். மூன்றரைக்கு எழுந்து போட்டபோது பதினொரு தவறிய அழைப்பு பற்றிய தகவல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. முதல் மூன்றும் அவனிடமிருந்தே வந்தவை.

அதற்கப்புறம் அவள் போனை அணைத்ததே இல்லை. சத்தத்தைக் குறைத்ததும் இல்லை. மகள் செம்மொழி திருவாரூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிளைப்பு. எந்த நேரத்தில் என்ன அழைப்பு வருமோ என்று செவ்வந்தி போனைத் தலையணையிலேயே வைத்துப் படுத்தாள்.

அந்தப் போன் சும்மா இருந்தால்தானே. பதினொன்றுக்கு ஒரு பெண் குரல், தனிநபர் கடன் தயார் என்று. பதினொன்றரைக்குப் பதிவு செய்த குரல், தஞ்சாவூர் புறவழிச்சாலையில் மனை. நடுவில் துணி விற்கும் செயலி டிங் என்னும். ராசி பலன் டிங் என்னும். என்றைக்கோ செம்மொழி இறக்கிக்கொடுத்த விளையாட்டு ஒன்று, “உங்களை ரொம்ப நாளாகக் காணோமே” என்று கேட்கும். சில அழைப்புகளில் ஆளே இருக்காது. எடுத்து ஹலோ என்றால் ஆழக் கிணற்றுக்குள் கேட்பது மாதிரி ஒரு ஊமைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் தானாகவே துண்டாகிவிடும். ஒவ்வொரு தடவையும் எழுந்து, மகள் இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி சாய்வாள். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தை ஆறு துண்டாக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் வெயில் அடித்த ஒரு மத்தியானம், டிங் என்ற சத்தத்துக்குக் கண் விழித்தவள் திரையில் ஒரு வரியைப் பார்த்தாள்.

‘அறிவு டெலிகிராமில் இணைந்தார்.’

பக்கத்தில் அவன் படம். வேளாங்கண்ணிக்குப் போனபோது கடற்கரையில் அவளே எடுத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வரி அப்படியே இருந்தது. வெளியே வயலில் ஆள் அரவம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் ஜன்னல் சேலையைத் தாண்டி வந்தது. மேலே தள்ளி விலக்கிவிடலாமென்று விரலை வைத்தவள் அது முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு அதற்கப்புறம் தூக்கம் இல்லை.

இரண்டு நாள் கழித்து அது கூப்பிட்டது.

அப்படித்தான் அவள் நினைத்தாள். விழிப்பு வந்தபோது போன் ஏற்கெனவே அவள் காதில் இருந்தது. கழுத்து வியர்த்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. அந்த ஆளில்லாத அழைப்புகளின் ஊமைச் சத்தம் மாதிரி இல்லை இது. காற்று இருந்தது. ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அதற்குள், வெகு அருகில், ஒரு ஆண் மூச்சு விடும் சத்தம்.

காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் அவன் படம். பெயர், அறிவு. கீழே வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

“யாரு?” என்றாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூச்சு நின்றது. அழைப்பு துண்டிக்கப்பட்டது. மேலே மணி 2:15.

மறுநாளும் அப்படித்தான். இரண்டு பதினான்கு. அதற்கு மறுநாள் இரண்டு பதினேழு. ஒவ்வொரு தடவையும் அவள் விழிக்கும்போது போன் காதில் இருந்தது, அவன் படம் திரையில் இருந்தது, ஓலைச் சத்தத்துக்கு நடுவே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது எடுத்தோம் என்று ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை. ஒரு நாள் வெயில் சேலை வழியாக அறைக்குள் சிவப்பாக விழுந்திருந்தது. அந்தச் சிவப்பில் தன் கையே யாருடையதோ போலத் தோன்றவும் போனைக் கட்டில் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நாலு மணி வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், இல்லை மனநல டாக்டரிடம் போகச் சொல்வார்கள். அதைவிட, உள்ளுக்குள் ஒரு மூலையில் அவள் இரண்டே காலை எதிர்பார்க்கவும் தொடங்கியிருந்தாள். அந்தப் பயம்தான் பெரிய பயம்.

விஷயம் வெடித்தது வார்டில். விடியற்காலை அடுத்தடுத்து இரண்டு பிரசவம். இரண்டும் பெண் குழந்தை. அம்மாவின் பெயர் எழுதிய பட்டையைக் குழந்தையின் காலில் கட்டுவது செவ்வந்தியின் வேலை. பத்தொன்பது வருடமாகத் தூக்கத்தில்கூடத் தவறாத வேலை. கட்டி முடித்து நிமிர்ந்தபோது, வார்டு பொறுப்பாளர் பாத்திமா மேரி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“செவ்வந்தி. பட்டையைப் படி.”

படித்தாள். குந்தவை என்று இருந்தது. ஆனால் இது குந்தவை பெற்ற பிள்ளை இல்லை, அவள் அடுத்த கட்டிலில் இருந்தாள்.

பாத்திமா மேரி இரண்டு பட்டையையும் வெட்டிப்போட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்து, அம்மாக்களிடம் பெயரைக் கேட்டு, புதிதாக எழுதிக் கட்டினார். அப்புறம் அவளை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“எத்தனை நாளா தூங்கல?”

செவ்வந்தி அழுதாள். ஆனால் சொன்னது பாதிதான். கண்ட கண்ட அழைப்பு, டிங் டிங் சத்தம், அணைக்கப் பயம் என்று. இரண்டே காலைப் பற்றிச் சொல்லவில்லை.

“அணைக்க யாரு சொன்னா? வேண்டியவங்க சத்தம் மட்டும் வர்ற மாதிரி வைக்கலாம். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஷோபனா கடை இருக்குல்ல, என் போனை அவதான் செஞ்சு குடுத்தா. டூட்டி முடிஞ்சு நேரா அங்க போ. நடந்ததை நான் ரிப்போர்ட்டுல எழுதத்தான் செய்வேன். இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கும் உனக்கு லீவு போட்டுட்டேன்.”

ஷோபனா நாற்பது வயதுக்காரி. தனியாளாகப் போன் ரிப்பேர் கடை நடத்தினாள். ஷட்டரைத் தூக்கி ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தவளிடம் செவ்வந்தி போனை நீட்டினாள்.

“நேத்து ஒரு நாள்ல இருநூத்தி எண்பத்தாறு நோட்டிபிகேஷன் வந்திருக்கு, அக்கா” என்றாள் ஷோபனா, ஏதோ பக்கத்தைத் திறந்து காட்டி. “எது எவ்வளவு கத்துதுன்னு போன்லயே இருக்கு பாருங்க. இந்தத் துணிக்கடை மட்டும் முப்பத்தொண்ணு.”

ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது வேணுமா, அது வேணுமா. ஆறு மாதமாகத் தொடாத செயலிகளை நீக்கினாள். வேண்டியவற்றில் விளம்பர அறிவிப்பை மட்டும் அணைத்தாள். வங்கியிலிருந்து வரும் செய்தியை விட்டுவைத்தாள். அப்புறம் 1909 என்ற எண்ணுக்கு START 0 என்று செவ்வந்தியையே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வைத்தாள்.

“விளம்பரக் கால் எதுவும் வேண்டாம்னு கம்பெனில பதிஞ்சுக்குவாங்க. இன்னைக்கே நின்னுடாது, சில நாள் ஆகும். ஒழுங்கா பதிஞ்சு விளம்பரம் பண்றவன் நிறுத்திடுவான். சாதா பத்து இலக்க நம்பர்லேர்ந்து கூப்பிடுற திருட்டுப்பய நிறுத்த மாட்டான். அவன் கூப்பிட்டா ஏழு நாளுக்குள்ள இதே 1909-ல புகார் குடுங்க, தேதியும் நேரமும் சொல்லி. இனி கால் வேண்டாம்னா ஒன்பதை அமுக்குன்னு சொல்லுவான், அமுக்காதீங்க. இந்த நம்பர்ல ஆள் உசுரோட இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

‘உசுரோட’ என்றதும் செவ்வந்தி மேசை மேலிருந்த கையை இழுத்துக்கொண்டாள். ஷோபனா கவனிக்கவில்லை. தொந்தரவு வேண்டாம் என்ற பகுதியைத் திறந்து, பத்திலிருந்து நாலு வரை என்று நேரம் வைத்தாள்.

“இந்த நேரத்துல யார் கூப்பிட்டாலும் சத்தம் வராது. அலாரம் அடிக்கும். பொண்ணு, விடுதி வார்டன், ஆஸ்பத்திரி, இந்த மூணு பேருக்கு மட்டும் வழி விட்டிருக்கேன்.”

“என் பொண்ணு வேற யாரோ போன்லேர்ந்து கூப்பிட்டா?”

“அதுக்கும் இருக்கு. அதே நம்பர் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். உசுரு போற அவசரம்னா யாரும் ஒரு தடவையோட விட மாட்டாங்கல்ல?”

முதல் மூன்றும் அவனிடமிருந்தே வந்தவை. செவ்வந்தி கல்லாப் பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இப்படி ஒரு வழி அன்றைக்கும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது. ஷோபனா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்து முடித்ததும் செவ்வந்தி மீதிப் பாதியைச் சொன்னாள்.

ஷோபனா சிரிக்கவில்லை. “செத்தவங்க நம்பரை ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனி கொஞ்ச மாசம் கழிச்சு வேற ஆளுக்குக் குடுத்துடும், அக்கா. உங்க போன்ல அந்த நம்பர் அண்ணன் பேர்ல இருக்கு. யாரு வாங்கினாலும் அண்ணன் மூஞ்சிதான் வரும். டெலிகிராம்ல வந்ததும் அதான். சரி, அவன் எதுக்கு உங்களைக் கூப்பிடணும்? பாப்போம்.”

அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போனவள் நின்றாள். மறுபடி மேலே வந்தாள். அவள் முகம் மாறுவதைச் செவ்வந்தி பார்த்தாள்.

“அக்கா, இது வந்த கால் இல்ல.”

“என்னது?”

“இந்த அம்பு எந்தப் பக்கம் பாக்குது, பாருங்க. இது எல்லாம் போன கால். நீங்க போட்டது.”

பார்த்தாள். அறிவு, அறிவு, அறிவு என்று வரிசையாக. எல்லாம் வெளியே போகும் அம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முன்னால் ஏதோ ஒரு மனைக்காரனின் அழைப்பு, தினமும் ஒரே வாக்கில், இரண்டு பன்னிரண்டு, இரண்டு பதினைந்து. பத்தொன்பது நாளில் பதினேழு அழைப்பு.

“நான் போடல” என்றாள் செவ்வந்தி.

ஷோபனா போனின் முகப்பைக் காட்டினாள். கீழ் மூலையில் அறிவுச்செல்வனின் படம், வட்டமாக. தொட்டால் நேராக அழைப்பு போகும்படி அவனே வைத்துக் கொடுத்தது. டூட்டிக்குக் கிளம்புமுன் அவள் கூப்பிடுவதற்காக. மனைக்காரன் எழுப்ப, அவனைத் துண்டித்துவிட்டு, கண் திறக்காமலே அவள் கட்டை விரல் பத்துப் பன்னிரண்டு வருடம் பழகிய இடத்துக்குப் போயிருந்தது.

ஆவி என்று நினைத்தபோது வந்த பயத்தைவிட இந்தப் பயம் அவளை ஆட்டியது. அவள் தூங்கும்போது அவளுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து, அவள் கையை எடுத்து, இறந்தவனைக் கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பேசினாளா, என்ன பேசினாள் என்று செவ்வந்திக்குத் தெரியாது. கேட்டவர் ஒருவர்தான்.

“இப்பக் கூப்பிடுறேன்” என்றாள். “முழிச்சுக்கிட்டு.”

நாலு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள். முன்பு கேட்ட ஓலைச் சத்தம். மூச்சு. இந்தத் தடவை செவ்வந்தி முந்திக்கொண்டாள்.

“ஐயா, வைக்காதீங்க. நான் முழிச்சுட்டுதான் பேசுறேன். என் பேரு செவ்வந்தி. இந்த நம்பர் என் வீட்டுக்காரரோடது. அவரு இறந்துட்டாரு.”

அப்புறம் ஒரு நடுத்தர வயதுக் குரல், தயங்கித் தயங்கி:

“மௌத்தாயிட்டாரா… அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேம்மா. நான் சைபுல்லா. பேராவூரணி. தேங்கா லாரி ஓட்டுறேன். சிம் வாங்கி ஒன்றரை மாசம்தான் ஆவுது. ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்து மத்தியானம் தோப்புல கட்டிலைப் போட்டுப் படுப்பேன். சரியா உங்க போன் வரும்.”

“எதுக்குங்க என்னை பிளாக் பண்ணாம விட்டீங்க?”

“மொதல்ல மோசடிக் கும்பல்னு நினைச்சேன். அப்பறம் உங்க குரல்… தூக்கத்துல பேசுற மாதிரி இருந்துச்சு. திட்டவும் வாய் வரல. பிளாக் பண்ணவும் மனசு வரல. ராத்திரி வண்டியில தனியா போறப்ப அந்தக் குரல் ஞாபகம் வந்து பயந்திருக்கேன்மா, பொய் சொல்லல.”

“நான் என்னங்க பேசினேன்?”

செவ்வந்தி காத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏதோ பஸ் பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது.

“தினம் ஒண்ணுதான் சொல்லுவீங்க. ‘போன் ஆன்லதான் இருக்கு, சொல்லுங்க’ன்னு. சொல்லிட்டு, நான் ஏதாவது சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருப்பீங்க.”

ஷோபனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வந்தி அழவில்லை. அவர் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். பகலில் தூங்குகிறவர்களின் தூக்கம் என்ன விலை என்று தனக்குத் தெரியும் என்றாள்.

“உங்ககிட்டேர்ந்து வர்றது ஒரு கால்தாம்மா” என்றார் சைபுல்லா. “அறிவுச்செல்வன் இருக்காரான்னு ஒரு நாளைக்கு நாலு பேரு கேக்குறான். பேங்க்கு, இன்சூரன்ஸ், மெஷின் கம்பெனி, கேஸ் ஆபீஸ். இல்லைங்க, இல்லைங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அவரு தெரிஞ்சவரு மாதிரி ஆயிடுச்சு. அதை மட்டும் எப்படியாவது நிறுத்த முடிஞ்சா புண்ணியமா போவும்.”

அந்த இரண்டு நாள் லீவில் செவ்வந்தி அந்த வேலையைத்தான் செய்தாள். இறப்புச் சான்றிதழின் நகல்களை எடுத்துக்கொண்டு வங்கி, எரிவாயு முகவர், காப்பீட்டு அலுவலகம் என்று ஏறி இறங்கினாள். ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பழைய பத்து இலக்கத்தை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினாள். இரண்டு வருடமாகச் செய்ய வேண்டியிருந்து செய்யாத வேலை. கடைசி மேசையில் இருந்த பெண், “பழைய நம்பர்ல யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“இருக்காருங்க. வேற ஒருத்தர்” என்றாள் செவ்வந்தி.

முகப்பிலிருந்து வட்டப் படத்தை எடுத்துவிட்டாள். அறிவு என்ற பெயரை அழித்து, அந்த எண்ணுக்குச் சைபுல்லா பேராவூரணி என்று எழுதினாள். வேளாங்கண்ணிப் படத்தைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டினாள். நடந்ததையெல்லாம் செம்மொழிக்குப் போனில் சொன்னபோது, மகள், “அம்மா, எனக்கு ஏதாவதுன்னா நான் ரெண்டு தடவை கூப்பிடுவேன். வார்டனும் கூப்பிடுவாங்க. நீ தூங்கு” என்றாள்.

உடனே தூக்கம் வந்துவிடவில்லை. முதல் வாரம் பழைய நேரங்களுக்கெல்லாம் கண் திறந்தது. மனைக்காரன் மட்டும் இன்னும் சாதா எண்ணிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் வராவிட்டாலும் திரையில் தடம் இருந்தது. இரண்டு தடவை புகார் கொடுத்தாள். மூன்றாம் வாரம் அந்த எண்ணும் நின்றது. சைபுல்லாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, இப்போது யாரும் அறிவுச்செல்வனைக் கேட்பதில்லை என்று.

கார்த்திகையில் ஒரு நாள் பத்தரைக்குப் படுத்தவள் விழித்தபோது அறை இருட்டிக்கொண்டு வந்தது. மழை மேகம். மணி மூன்று ஐம்பது. ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கம். அவளாலேயே நம்ப முடியவில்லை. அப்படியே படுத்திருந்தாள். எதனால் விழிப்பு வந்தது என்று யோசித்தாள். அலாரத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வயலில் சத்தம் இல்லை, தெருவில் சத்தம் இல்லை. ஆனாலும் இப்போதுதான் யாரோ இந்த அறையில் பேசி நிறுத்தியது போல, அந்த நிறுத்தம் மட்டும் காற்றில் மிச்சமிருந்தது.

கையை நீட்டிப் போனை எடுத்து, அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

எழுந்து ஜன்னல் சேலையை விலக்கினாள். சம்பாப் பயிர் மேல் மழை இறங்கி வந்துகொண்டிருந்தது. அலாரத்தை அது அடிக்குமுன் தானே அணைத்துவிட்டு, டீக்குப் பால் எடுக்கப் போனாள்.